பியூரிஃபையர் 16,000 ரூபாய், ஐந்தாண்டுக் கணக்கு 44,700 ரூபாய்

வாட்டர் பியூரிஃபையர் வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒப்பிடுவது அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலையைத்தான். ஒன்று 12,000, இன்னொன்று 16,000, மூன்றாவது 22,000. ஆனால் இந்த இயந்திரம் மிக்ஸி மாதிரி ஒருமுறை காசு கொடுத்துவிட்டு மறந்துவிடக்கூடியது இல்லை. உள்ளே இருக்கும் பாதிப் பொருட்கள் தேய்ந்து தீர்வதற்காகவே வைக்கப்பட்டவை. ஐந்து வருடம் ஓட்டினால், வாங்கிய விலையைவிட அதிகமாக அதற்குப் பிறகு செலவழிப்போம். அந்தப் பின்செலவு எவ்வளவு என்பதை இயந்திரத்தின் பிராண்டைவிட உங்கள் வீட்டுத் தண்ணீர்தான் அதிகம் தீர்மானிக்கிறது. அதை வாங்குவதற்கு முன்பே ஓரளவு கணக்கிட்டுவிட முடியும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். தென்சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, நான்கு பேர் உள்ள குடும்பம். எட்டு மாதம் போர் தண்ணீர், கோடையை ஒட்டிய நான்கு மாதம் டேங்கர் லாரி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவான டி.டி.எஸ். லிட்டருக்குச் சுமார் 1,100 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500 வரை ஏற்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. 1,100 என்றால் நாக்கில் உப்பு தெரியும், பருப்பு சீக்கிரம் வேகாது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். இந்த வீட்டுக்கு உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. வகை இயந்திரம் தேவைதான். நான் சொல்லும் ரூபாய்க் கணக்குகள் எல்லாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட நடுத்தர விலைகள். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை மாறாது.

முதலில் லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று வைப்போம். வருடத்துக்கு 5,475 லிட்டர், ஐந்து வருடத்துக்கு 27,375 லிட்டர். இந்த எண்ணை மறக்க வேண்டாம். கடைசியில் எல்லாச் செலவையும் இதால் வகுத்துத்தான் ஒரு லிட்டர் என்ன விலைக்கு வருகிறது என்று பார்க்கப் போகிறோம்.

அடுத்தது வெளியே போகும் தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரத்தில் இருக்கும் மெம்பரேன் என்ற சவ்வு உள்ளே வரும் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு உப்பு நீங்கித் தொட்டிக்குப் போகிறது. மீதி, அந்த உப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மெல்லிய குழாய் வழியாக சிங்க்குக்குப் போகிறது. எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதைக் கம்பெனிக்காரர் சொல்லும் கணக்கில் இருந்து எடுக்காதீர்கள். மெம்பரேனில் 80 ஜி.பி.டி. என்று எழுதியிருக்கும். நாளைக்கு 80 கேலன், அதாவது 300 லிட்டர் சொச்சம் என்று அர்த்தம். அது உப்பு குறைந்த தண்ணீரில், குறிப்பிட்ட அழுத்தத்தில், 25 டிகிரி வெப்பத்தில் சோதித்த எண். உங்கள் வீட்டில் வருவது வேறு.

நீங்களே அளக்கலாம், கால் மணி நேர வேலை. தொட்டியில் இருந்து கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவிட்டால் பம்ப் ஓட ஆரம்பிக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டு, கழிவுக் குழாயின் நுனியை அளவுக் கோப்பையில் ஒரு நிமிடம் பிடியுங்கள். அப்புறம் நல்ல தண்ணீர் தொட்டிக்குள் விழும் குழாயையும் ஒரு நிமிடம் பிடியுங்கள். அந்தக் குழாய் எட்டவில்லை என்றால், தொட்டி காலியில் இருந்து நிறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து வகுத்துக்கொள்ளலாம். நம் உதாரண வீட்டில் நல்ல தண்ணீர் நிமிடத்துக்கு 150 மில்லி, கழிவு 450 மில்லி. ஒன்றுக்கு மூன்று. 80 ஜி.பி.டி. மெம்பரேன், கழிவு ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும், 450 என்று எழுதிய ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் பொருத்திய இயந்திரத்தில், இந்த அளவு உப்புக்கு எதிர்பார்க்கக்கூடியதுதான்.

ஆக, 15 லிட்டர் குடிக்க 45 லிட்டர் சிங்க்கில் போகிறது. வருடத்துக்கு 16,425 லிட்டர். ஐந்து வருடத்தில் 82,000 லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட ஏழு லாரி. இதன் விலை என்ன?

இந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும். செலவுக் கணக்கில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். சொந்தப் போர் உள்ள வீட்டில் 2,000 லிட்டர் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டாருக்கு ஒரு யூனிட் மின்சாரம் ஆகிறது என்று வைத்தால், வருடக் கழிவு முழுவதற்கும் எட்டு யூனிட்தான். ஐம்பது, அறுபது ரூபாய். டேங்கர் தண்ணீரையே நம்பி இருக்கும் வீட்டில் கதை வேறு. 12,000 லிட்டர் லாரி 1,500 ரூபாய் என்றால் லிட்டருக்கு 12.5 பைசா. அதே 16,425 லிட்டர் வருடத்துக்கு 2,050 ரூபாயாகிறது. ஐந்து வருடத்தில் 10,000 ரூபாயைத் தாண்டும். இயந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல் சிங்க்கில் போகிறது, அதற்கு ரசீது எதுவும் வராது. குடியிருப்பின் மாதப் பராமரிப்புத் தொகைக்குள் கலந்து வந்துவிடும்.

நம் வீட்டில் நான்கு மாதம் மட்டும் லாரி. அந்த மாதங்களின் கழிவு 5,475 லிட்டர், அதன் விலை 684 ரூபாய். வருடம் முழுக்கத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் செலவு ஏறக்குறைய 50 ரூபாய். ஐந்து வருடத்துக்குச் சேர்த்து 3,700 ரூபாய்.

ரூபாயில் சின்னதாகத் தெரிவதால் போர் தண்ணீரை வீணாக்குவது பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. நிலத்தடி நீருக்கு நாம் விலை கொடுப்பதில்லை, அதனால்தான் கணக்கில் அது சின்னதாகத் தெரிகிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் கோடையில் போர் வற்றி லாரிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த 82,000 லிட்டரின் அருமை தெரியும்.

கழிவைப் பிடித்துப் பயன்படுத்தினால் செலவு குறையுமா? குறையும், ஆனால் வேறு தண்ணீருக்கு மாற்றாக அது போனால் மட்டும். 1,100 டி.டி.எஸ். தண்ணீர் உள்ளே போய், நான்கில் ஒரு பங்கு நல்ல தண்ணீராகப் பிரிந்தால், கழிவின் டி.டி.எஸ். 1,450-க்குப் பக்கத்தில் நிற்கும். பயப்படும் அளவு இல்லை. வீடு துடைக்கலாம், கழிப்பறையில் ஊற்றலாம். 45 லிட்டர் என்பது ஐந்தாறு தடவை ஃப்ளஷ் செய்யும் தண்ணீர். தினமும் அப்படிச் செலவழித்தால் அந்த 3,700 ரூபாயைக் கணக்கில் இருந்து அடித்துவிடலாம். தொட்டிச் செடிகளுக்கு மட்டும் இதையே தினமும் ஊற்றாதீர்கள். மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போய் இலை நுனி கருகும். தனி வீட்டில் சம்ப்புக்கே திருப்பிவிடுவதும் வேண்டாம். சம்ப்பின் டி.டி.எஸ். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அதே மெம்பரேனுக்கு இன்னும் கடினமான தண்ணீராகத் திரும்பி வரும்.

மின்சாரத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 24 வோல்ட் பம்பும், கிருமியைக் கொல்லும் 11 வாட் யு.வி. விளக்கும் சேர்ந்து ஓடும்போது 45 வாட் போல இழுக்கும். நிமிடத்துக்கு 150 மில்லி வீதம் 15 லிட்டர் வர 100 நிமிடம். வருடத்துக்கு 27 யூனிட். சும்மா இருக்கும்போது அடாப்டரும் சின்ன விளக்குகளும் எடுப்பது இன்னும் 12 அல்லது 13 யூனிட். மொத்தம் 40 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் வருடத்துக்கு 280, ஐந்து வருடத்துக்கு 1,400 ரூபாய். "குறைந்த மின்சாரம்" என்று விளம்பரம் செய்யும் இயந்திரத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

பணம் பெரிதாகப் போகும் இடம் ஃபில்டர்கள். இவற்றைத் தனித்தனிச் சாமானாகப் பார்த்தால் செலவு புரியாது. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைக் காக்கிறது, விலையும் அந்த வரிசையிலேயே ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், சுவரில் மாட்டிய வெள்ளை அல்லது கண்ணாடி நிறக் கூட்டுக்குள் இருப்பது ஸ்பன் ஃபில்டர், நம் ஊரில் கேண்டில் என்பார்கள். 150 ரூபாய். மண்ணும் துருவும் இதில் நிற்கும். போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் மூன்று மாதத்தில் பழுப்பாகிவிடும். கூட்டைத் திறக்கும் சாவி ஒன்று இருந்தால் நீங்களே மாற்றலாம், ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. வருடத்துக்கு 600, ஐந்து வருடத்துக்கு 3,000.

இயந்திரத்துக்குள்ளே செடிமென்ட் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும். இரண்டும் சேர்த்து 1,400 ரூபாய், வருடத்துக்கு ஒருமுறை. கார்பனின் முக்கிய வேலை குளோரினைப் பிடிப்பது. மெம்பரேனின் மேல் இருக்கும் மெல்லிய பாலிஅமைடு படலத்தைக் குளோரின் அரித்துவிடும், அரித்தபின் அதைச் சரிசெய்ய வழியில்லை. போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. மெட்ரோ தண்ணீரில் இருக்கும், லாரித் தண்ணீரிலும் இருக்கலாம். சம்ப்பைக் கழுவிவிட்டு ப்ளீச்சிங் பவுடர் போடுகிற நாட்களில் தாராளமாகவே இருக்கும். "இன்னும் ஆறு மாதம் ஓடட்டும்" என்று 1,400 ரூபாயைத் தள்ளிப்போட்டு, 2,500 ரூபாய் மெம்பரேனை இழப்பது இப்படித்தான் நடக்கிறது. இதற்கு ஓர் அடையாளமும் உண்டு. குளோரின் தின்ற மெம்பரேனில் தண்ணீர் வேகமாக வரும், கூடவே டி.டி.எஸ். உயரும். வேகமாக வருகிறதே என்று சந்தோஷப்படக்கூடாது.

மெம்பரேன் சாவதற்கு இன்னொரு வழி, கடினத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு. அதில் அறிகுறி நேர் எதிர். தண்ணீர் வரத்து மாதாமாதம் குறையும், தொட்டி நிறைய மணிக்கணக்காகும். 1,100 டி.டி.எஸ். உள்ள நம் வீட்டில் மெம்பரேன் இரண்டு வருடம் தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். மென்மையான தண்ணீரில் மூன்று வருடம் போகும். 1,800, 2,000 டி.டி.எஸ். உள்ள இடத்தில் ஒரே வருடத்தில் முடிந்துவிடுவதும் உண்டு. மாற்றும்போது ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரையும் சேர்த்து மாற்றுவது நல்லது, அதன் நுண்துளையிலும் படிவு அடைத்திருக்கும். இரண்டுக்கும் 2,700 ரூபாய். இரண்டாம் வருடக் கடைசியிலும் நான்காம் வருடக் கடைசியிலும் என்றால் 5,400.

மெம்பரேனுக்குப் பின்னால் போஸ்ட் கார்பன், மினரல் கார்ட்ரிட்ஜ். வருடத்துக்கு 700 ரூபாய். காப்பர், ஆல்கலைன், ஜிங்க் என்று ஒவ்வொரு பெயர் கூடும்போதும் ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டிய இன்னொரு கார்ட்ரிட்ஜ் கூடுகிறது. வாங்கும்போது இயந்திரத்தின் விலையோடு சேர்த்து, "ஒவ்வொரு கார்ட்ரிட்ஜும் தனியாக வாங்கினால் என்ன விலை, வெளிக்கடையில் கிடைக்குமா" என்றும் கேட்டுவிடுங்கள். அந்தக் கம்பெனியின் அச்சில் மட்டுமே பொருந்தும் கார்ட்ரிட்ஜ் என்றால் ஐந்து வருடமும் அவர்கள் சொல்வதே விலை.

இனி நான்கு வருடாந்திர மாற்றங்களையும் கூட்டிப் பார்க்கலாம். கேண்டிலுக்கு 3,000. செடிமென்ட், கார்பன் நான்கு முறை 5,600. மெம்பரேன் இரண்டு முறை 5,400. போஸ்ட் கார்பன், மினரல் நான்கு முறை 2,800. யு.வி. விளக்கு இரண்டு முறை 1,000. நடுவில் ஒரு பம்பும் ஓர் அடாப்டரும் போகும் என்று 2,400. ஆள் வந்துபோக ஒரு தடவைக்கு 400 வீதம், நான்கு வருடாந்திரச் சர்வீஸும் இரண்டு ரிப்பேருமாக 2,400. மொத்தம் 22,600 ரூபாய். இயந்திரம் 16,000, வெளிக்கூட்டுக்கும் பொருத்துவதற்கும் 1,000. மின்சாரம் 1,400, கழிவு நீர் 3,700. கூட்டினால் 44,700. அதை 27,375 லிட்டரால் வகுத்தால் லிட்டர் 1 ரூபாய் 63 பைசா.

இதே இயந்திரம் வருடம் முழுக்க லாரித் தண்ணீரில் ஓடினால் மொத்தம் 51,300-ஐத் தொடும், லிட்டர் 1.87. சொந்தப் போர் மட்டும் என்றால் 41,400-க்குக் கீழே, லிட்டர் 1.51. கடையில் இரண்டு மாடலுக்கு நடுவே பேரம் பேசும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயைவிட இந்த வித்தியாசம் பெரிது.

ஏ.எம்.சி. என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடலாமா என்பது அடுத்த கேள்வி. முதல் வருட வாரண்டி முடிவதற்குள் போன் வர ஆரம்பித்துவிடும். (அந்த வாரண்டியே பெரும்பாலும் மின்சாதனப் பாகங்களுக்குத்தான். ஃபில்டரும் மெம்பரேனும் தேய்பொருள் என்று தள்ளப்பட்டிருக்கும், அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.) ஏ.எம்.சி.யில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. சர்வீஸுக்கு மட்டுமான ஒப்பந்தம் வருடம் 2,000 ரூபாய் என்றால் நான்கு வருடத்துக்கு 8,000. அதில் கிடைப்பது ஆள் வருவது மட்டும், பொருளுக்குத் தனிக்காசு. நம் கணக்கில் ஆள் வருவதற்கே மொத்தம் 2,400-தான். இந்த வகை எனக்குச் சரியாகப் படவில்லை.

மெம்பரேன் உட்பட எல்லாம் அடங்கிய ஒப்பந்தம் வருடம் 5,500 என்று வைப்போம். நான்கு வருடத்துக்கு 22,000. வெளிக்கேண்டில் அதில் பெரும்பாலும் சேராது, அதையும் கூட்டினால் 25,000. தனித்தனியாகச் செய்தால் 22,600. கிட்டத்தட்ட ஒன்றுதான், தலைவலி இல்லாததற்கு 2,400 ரூபாய் கொடுக்கிறோம். ஆனால் உங்கள் மெம்பரேன் ஒரு வருடத்திலேயே போகிற தண்ணீர் என்றால், தனியாகச் செய்யும் செலவு இன்னும் இரண்டு மெம்பரேனைச் சேர்த்து 28,000 ஆகிவிடும், ஒப்பந்தம் லாபம். மூன்று வருடம் தாங்கும் தண்ணீர் என்றால் தனியாகச் செய்வது 19,900, ஒப்பந்தம் நஷ்டம். ஆகவே தண்ணீர் தெரியாமல் ஏ.எம்.சி. நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு வருடம் தனியாகச் செய்து, மெம்பரேன் எவ்வளவு நாள் நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வது எனக்குப் பிடித்த வழி. ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், மெம்பரேனை எத்தனை முறை மாற்றுவார்கள், குறிப்பிட்ட டி.டி.எஸ்.க்கு மேல் போனால் விலக்கு உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியாகச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம், "சார், மெம்பரேன் போயிடுச்சு" என்று டெக்னீஷியன் சொல்லும்போதுதான். உண்மையாகவே போயிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு 2,700 ரூபாய் விலை, அதனால் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 200, 300 ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிவிடுங்கள். உள்ளே போகும் தண்ணீரை அளந்து, வெளியே வருவதை அளந்து, எத்தனை சதவீதம் உப்பு நீங்கியிருக்கிறது என்று பாருங்கள். 1,100 உள்ளே, 90 வெளியே என்றால் 92 சதவீதம், நன்றாகவே வேலை செய்கிறது. வெளியே 165-ஐத் தாண்டிவிட்டால் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, காலம் முடிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். இரவு முழுக்கச் சும்மா இருந்த இயந்திரத்தில் முதலில் வரும் தண்ணீரில் டி.டி.எஸ். கூடுதலாக இருக்கும், நின்ற நேரத்தில் உப்பு மெம்பரேனைக் கடந்து மெல்லக் கசிந்திருக்கும். அதனால் பத்து நிமிடம் ஓடியபின் அளக்க வேண்டும். இரண்டாவது, பல இயந்திரங்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கிறது. சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரை நல்ல தண்ணீரோடு கலக்கிறது. அது திறந்திருந்தால் குழாயில் 200 காட்டும், மெம்பரேன் நன்றாகவே இருக்கும். திருகை மூடிவிட்டு, அல்லது மெம்பரேன் கூட்டில் இருந்து நேராக வரும் குழாயில் அளந்தால்தான் உண்மை தெரியும். டி.டி.எஸ். ஒரே நாளில் குதித்தால் மெம்பரேனைவிட அதன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைச் சந்தேகப்படுங்கள். மெம்பரேன் மெதுவாகத்தான் சாகும்.

தண்ணீர் குறைவாக வருகிறது என்றால் கழிவுக் குழாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டுமே குறைந்திருந்தால் கேண்டிலோ செடிமென்ட் ஃபில்டரோ அடைத்திருக்கிறது, இல்லையென்றால் பம்ப் சோர்ந்துவிட்டது. கழிவு பழைய அளவிலேயே வந்து, நல்ல தண்ணீர் மட்டும் குறைந்திருந்தால் மெம்பரேனில் படிவு. புது மெம்பரேன் போட்ட அன்றைக்கே இரண்டு குழாய்களின் அளவையும் டி.டி.எஸ்.ஸையும் தேதியோடு ஒரு சின்னத் தாளில் எழுதி இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். ஒப்பிட ஒரு பழைய எண் இல்லாவிட்டால் இந்தச் சோதனைகள் பாதிதான் உதவும்.

தொட்டி நிறைந்தபிறகும் கழிவுக் குழாயில் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கிறதா என்றும் இரவில் ஒருமுறை பாருங்கள். தண்ணீர் வரத்தைத் தானாக நிறுத்தும் சோலனாய்ட் வால்வு சரியாக மூடாவிட்டால் பம்ப் நின்றபிறகும் மேல்தொட்டி அழுத்தத்திலேயே தண்ணீர் ஓடும். நிமிடத்துக்கு 100 மில்லி ஒழுகினால்கூட ஒரு நாளைக்கு 144 லிட்டர். நாம் இதுவரை கணக்கிட்ட 45 லிட்டர் கழிவைப் போல மூன்று மடங்கு, சில நூறு ரூபாய் வால்வினால். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் ஒரு மாதத்திலேயே வால்வின் விலை போய்விடும்.

இப்போது கேன் தண்ணீரோடு ஒப்பிடலாம். 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் லிட்டர் 2 ரூபாய். நம் நான்கு பேர் வீட்டுக்கு ஐந்து வருடத்தில் 54,750 ரூபாய். பியூரிஃபையர் 10,000 ரூபாய் மிச்சம். மாதத்துக்கு 170 ரூபாய்க்கும் குறைவு. நிறையப் பேர் நினைக்கும் அளவு பெரிய லாபம் இல்லை. கேனைத் தூக்க வேண்டாம், தீர்ந்துபோய் நிற்க வேண்டாம் என்பதற்கும் மதிப்பு உண்டு, அதை அவரவர் போட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 8 லிட்டர், ஐந்து வருடத்துக்கு 14,600 லிட்டர். இயந்திரத்தின் விலை குறையாது. கார்பனும் போஸ்ட் கார்பனும் லிட்டர் கணக்கில் மட்டும் தேய்வதில்லை, ஈரத்திலேயே நிற்பதால் கிருமி படியும், குறைவாக ஓடினாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். மின்சாரமும் கழிவும் கொஞ்சம் குறைந்து மொத்தம் 42,600-க்கு வரும். லிட்டர் 2 ரூபாய் 92 பைசா. கேனில் இதே தண்ணீர் 29,200 ரூபாய்தான். நம்பிக்கையான கேன் கடை அருகில் இருந்து, தூக்கிவைக்க ஆளும் இருந்தால், இருவர் வீட்டுக்கு கேன்தான் மலிவு.

மாத வாடகைக்கு இயந்திரம் தருகிறவர்களையும் இதே கணக்கில் நிறுத்தலாம். நம் வீட்டில் இயந்திரத்துக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து 39,600 ரூபாய். 60 மாதத்தால் வகுத்தால் 660. ஃபில்டர், மெம்பரேன், சர்வீஸ் எல்லாம் அடங்கிய வாடகை, வரியோடு சேர்த்து 660-க்குக் கீழே இருந்தால் வாடகை மலிவு. மாதத்துக்கு இத்தனை லிட்டர்தான் என்று வரம்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், நமக்கு மாதம் 450 லிட்டர் வேண்டும். கழிவு நீரும் மின்சாரமும் வாடகை இயந்திரத்திலும் நம் தலையில்தான்.

தண்ணீர் மிச்சப்படுத்தும் மாடல்கள் என்று விற்பவை, உள்ளே போவதில் 60 சதவீதம் வரை நல்ல தண்ணீராக எடுப்பதாகச் சொல்கின்றன. 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேட்டதும் இந்த 60 சதவீதத்தைத்தான். அப்படி ஓடினால் 15 லிட்டருக்கு 10 லிட்டர்தான் கழிவு. முழுக்க லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது வருடத்துக்கு 1,600 ரூபாய், ஐந்து வருடத்துக்கு 8,000 ரூபாய் மிச்சம். ஆனால் அதே அளவு உப்பு கொஞ்சத் தண்ணீரிலேயே வெளியேற வேண்டியிருப்பதால், மெம்பரேன் பக்கம் நிற்கும் தண்ணீரின் டி.டி.எஸ். நம் வீட்டில் 1,450-இல் இருந்து 2,600-க்கு ஏறும். கடினத் தண்ணீரில் படிவு சீக்கிரம் வரும். ஐந்து வருடத்தில் ஒரு மெம்பரேன் கூடுதலாகப் போனால்கூட லாரி வீட்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் லாபம்தான், இயந்திரத்துக்கு அதைவிடக் கூடுதல் விலை கேட்காதவரை. போர் வீட்டில் ரூபாய்க் கணக்கில் லாபம் வராது. நிலத்தடி நீருக்காகத்தான் வாங்க வேண்டும், அது வாங்கத் தகுந்த காரணம் என்றே நினைக்கிறேன்.

அதே 2019 உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடத்தில் ஆர்.ஓ. தேவையில்லை என்பது. சென்னையில் மெட்ரோ தண்ணீர் குழாய் வரும் பல வீடுகள் இந்த வரம்புக்குள் வந்துவிடும். நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய ஆலையோடு 2024-இல் இன்னொன்றும் சேர்ந்து, கடல்நீரை ஏற்கெனவே ஆர்.ஓ. செய்துதான் தென்சென்னைக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தண்ணீரை வீட்டில் மறுபடியும் ஆர்.ஓ. செய்து முக்கால்வாசியை சிங்க்கில் விடுவது பணத்துக்கும் தண்ணீருக்கும் கேடு. அங்கே யு.எஃப். என்ற நுண்வடிகட்டியும் யு.வி.யும் உள்ள இயந்திரம் போதும். 9,000 ரூபாய் இயந்திரம், வருடத்துக்கு 1,800 ரூபாய் ஃபில்டரும் சர்வீஸும், கேண்டில் 3,000, கொஞ்சம் மின்சாரம் என்று ஐந்து வருடத்துக்கு 20,000 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். கழிவு நீர் இல்லை.

ஆனால் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பின் மொத்தத்தைத்தான் சொல்லும், அது என்ன உப்பு என்று சொல்லாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடு உள்ள கிணறுகளும், வயல்வெளிகளில் நைட்ரேட் ஏறிய போர்களும் உண்டு. அங்கே டி.டி.எஸ். குறைவாகக் காட்டினாலும் யு.வி.யால் அவற்றை நீக்க முடியாது. இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். அடுக்குமாடியில் மெட்ரோ, போர், லாரி மூன்றும் ஒரே சம்ப்பில் கலந்தால் மழை முடிந்த டிசம்பரில் ஒருமுறையும் மே மாதத்தில் ஒருமுறையும் டி.டி.எஸ். பாருங்கள். கணக்கில் போட வேண்டியது மே மாத எண்ணை.